‘ஜஸ்ட் மிஸ்!’ - ஆயிரம் ரூபாய் திட்டம் ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது எப்படி?

சென்னையில் ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் வங்கிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரே இரவு, ஏழு பரிவர்த்தனைகள். 1,000, 500, 500, 1,000, 1,000, 2,000, 3,000. முதல் தொகை போனது வெள்ளிக்கிழமை இரவு 10.12-க்கு. கடைசித் தொகை போனது சனிக்கிழமை அதிகாலை 2.38-க்கு. கூட்டிப் பார்த்தால் 9,000 ரூபாய்.

“மச்சி, நான் ஆயிரம் ரூபாதான் வெச்சிருந்தேன். போனா போகட்டும், ஒரு சினிமா, ஒரு பிரியாணி செலவுன்னு நினைச்சேன். அதுக்கு மேல போடக்கூடாதுன்னு தெளிவாத்தான் இருந்தேன்” என்றார்.

அவர் கணக்கு தெரியாதவர் இல்லை. வேலையே டேட்டா பார்ப்பதுதான். குடித்துவிட்டும் ஆடவில்லை. அப்படியிருந்தும் ஆயிரம் எப்படி ஒன்பதாயிரம் ஆனது? ‘ஆசை’, ‘கட்டுப்பாடு இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால், அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்களையும் அந்தத் தளத்தின் விதிமுறைப் பக்கத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அந்த இரவின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒன்று வடிவமைக்கப்பட்டுக் காத்திருந்தது. அதை வரிசையாகப் பார்ப்போம்.

லிங்க் அனுப்பியவருக்கு என்ன லாபம்?

நண்பர் அந்தத் தளத்தைத் தேடிப் போகவில்லை. கிரிக்கெட் கணிப்புகள் போடும் ஒரு டெலிகிராம் சேனலில் இருந்தார். அன்று மேட்ச் முடியும் நேரத்தில் அந்த சேனலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. 2,000 ரூபாய் கட்டி 84,000 ரூபாய் எடுத்ததாக ஒரு கணக்கு. கீழே ஒரு லிங்க். ‘ஆயிரம் போட்டால் ஆயிரம் இலவசம். இன்று இரவு மட்டும்.’

இந்த மாதிரி சேனல்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்தத் தளங்களின் ‘அஃபிலியேட்’டுகள், அதாவது ஆள் சேர்ப்பு முகவர்கள். அவர்களுக்குக் காசு வரும் வழிகள் இரண்டு. ஒரு ஆளைச் சேர்த்து, அவர் முதல் தொகையைக் கட்டினால் இவ்வளவு என்பது ஒரு வழி. இன்னொன்று ‘ரெவென்யூ ஷேர்’. நீங்கள் அந்த லிங்க் வழியாகப் போய் இழக்கும் பணத்தில் இத்தனை சதவீதம் அவருக்கு. நீங்கள் ஆடுகிற வரைக்கும் அது வந்துகொண்டே இருக்கும்.

அதாவது, ‘நான் ஜெயிச்சேன், நீங்களும் ஜெயிங்க’ என்று சொல்பவருக்கு, நீங்கள் தோற்றால்தான் வருமானம். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். அந்த 84,000 போலியாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஆயிரம் பேர் ஆடினால் ஒருவருக்கு நிச்சயம் பெரிய தொகை விழும். விளம்பரத்தில் வருவது அந்த ஒருவர். மீதி 999 பேர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதில்லை.

‘இன்று இரவு மட்டும்’ என்பதற்கும் ஒரு வேலை இருக்கிறது. யோசிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதுதான் அது. அதே ஆஃபர் சனிக்கிழமையும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. நண்பர் பிறகுதான் போய்ப் பார்த்தார்.

இலவச ஆயிரத்தின் விலை 60,000

இனி போனஸுக்கு வருவோம். எனக்குக் கேட்டால், இந்தக் கதையில் அதிகம் கவனிக்கப்படாத வில்லன் இதுதான்.

10.12-க்கு 1,000 கட்டினார். கணக்கில் 2,000 காட்டியது. மூன்று ரீல்கள் சுழலும் ஒரு ஸ்லாட் விளையாட்டில் ஒரு சுற்றுக்கு 20 ரூபாய் வீதம் கட்ட ஆரம்பித்தார். நல்ல நேரம். 10.40-க்கு கணக்கில் 2,600 ரூபாய். ‘சரி, போதும், எடுத்துடலாம்’ என்று வித்ட்ரா பட்டனைத் தொட்டார். அங்கேதான் ஒரு பெட்டி திறந்தது. ‘வேஜரிங் நிபந்தனை நிறைவேறவில்லை. நிறைவு: 8%.’

வேஜரிங் என்றால் என்ன? போனஸ் வாங்கினால் பணத்தை வெளியே எடுப்பதற்கு முன் மொத்தம் இவ்வளவு தொகைக்குப் பந்தயம் கட்டி முடித்திருக்க வேண்டும் என்கிற நிபந்தனை. அந்தத் தளத்தில் அது ‘30 மடங்கு, டெபாசிட் பிளஸ் போனஸ்’. அவருடைய டெபாசிட் 1,000, போனஸ் 1,000. ஆக 2,000-ஐ 30-ஆல் பெருக்க வேண்டும். 60,000 ரூபாய்.

கையில் 60,000 வேண்டும் என்று அர்த்தமில்லை. 20 ரூபாய் கட்டி 15 ரூபாய் திரும்பி வந்தால், அந்த 15-ஐயும் மறுபடி கட்டலாம். கட்டும் தொகையெல்லாம் கூட்டிக்கொண்டே வந்து 60,000-ஐத் தொட வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 ரூபாய் என்றால் 3,000 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஆறு நொடி என்று வைத்தால், எழுந்திருக்காமல் ஐந்து மணி நேரம்.

இப்போது முக்கியமான கணக்கு. ஸ்லாட் விளையாட்டுகளில் ‘ஆர்டிபி’ என்று ஒரு எண் இருக்கும். மொத்தம் கட்டப்படும் பணத்தில் எவ்வளவு ஆடுபவர்களுக்குத் திரும்பிப் போகும் என்பதன் நீண்டகாலச் சராசரி. இந்த விளையாட்டில் 96 சதவீதம் என்று போட்டிருந்தது. ‘96 சதவீதம் திரும்பி வருதே, பரவாயில்லையே’ என்று தோன்றும். ஆனால், மீதி 4 சதவீதம் கழிவது நீங்கள் டெபாசிட் செய்த தொகையில் இல்லை, கட்டிய மொத்தத் தொகையில். 60,000 ரூபாயில் 4 சதவீதம் 2,400 ரூபாய்.

மறுபடி பாருங்கள். கணக்கில் இருப்பதே 2,000. நிபந்தனையை முடிக்கும்போது சராசரியாகப் போயிருக்க வேண்டியது 2,400. அதாவது சராசரியான ஆள் எல்லைக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே கணக்கு காலியாகிவிடும். சிலர் அதிர்ஷ்டத்தில் முடிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால், நிபந்தனை எழுதியவருக்கு சராசரிதான் வேண்டும், அது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

போனஸே வாங்காமல் தன் ஆயிரத்தை மட்டும் வைத்து ஆடியிருந்தால்? 10.40-க்கு ஜெயித்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ‘இலவசம்’ பறித்தது அந்த வெளியேறும் வாசலைத்தான்.

இன்னும் இரண்டு சிறு விதிகள் அதே பக்கத்தின் அடியில் இருந்தன. போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 50 ரூபாய்க்கு மேல் கட்டினால், ஜெயித்த தொகையைத் தளம் ரத்து செய்யலாம். ரம்மி, ரூலெட் மாதிரி விளையாட்டுகளில் 100 ரூபாய் கட்டினால், வேஜரிங் கணக்கில் 10 ரூபாய்தான் சேரும். ஸ்லாட் மட்டும் முழுக்கச் சேரும். ஆளை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ, அந்தப் பக்கம் தள்ளுகிற ஏற்பாடு.

பிரிட்டனில் இதே ‘மடங்கு’ விவகாரத்தில் சூதாட்ட ஆணையம் தலையிட்டிருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து அங்கே போனஸ் தொகையின் 10 மடங்குக்கு மேல் வேஜரிங் கேட்கக் கூடாது. அந்த வரம்பை நண்பரின் போனஸுக்குப் போட்டுப் பார்த்தால் 1,000 பெருக்கல் 10, அதாவது 10,000 ரூபாய். அவரிடம் கேட்கப்பட்டது அதைப்போல ஆறு மடங்கு.

10.40-க்கு ஒரு வாசல் திறந்திருந்தது

அந்தப் பெட்டியில் இன்னொரு பட்டனும் இருந்தது. ‘போனஸைக் கைவிடு.’ அதை அழுத்தினால் போனஸும் அதை வைத்து ஜெயித்ததும் போய்விடும். அவர் கட்டிய 1,000 மட்டும் திரும்பக் கிடைக்கும். ஒரு ரூபாய் நஷ்டமில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“ஏன்டா அழுத்தல?” என்று கேட்டேன்.

“2,600 இருக்குடா. 1,600 ரூபாயை நானே தூக்கிப் போடணுமா?”

இதுதான் இடம். அந்த 1,600 அவருடைய பணமாக ஒருபோதும் இருந்ததில்லை. எடுக்க முடியாத எண் அது. ஆனால், திரையில் ‘உங்கள் இருப்பு: ரூ. 2,600’ என்று எழுதியிருந்ததால் மனசு அதைத் தன் பணமாக வரவு வைத்துவிட்டது. கிடைக்கும் ஆயிரத்தைவிட, கைவிட வேண்டிய 1,600 பெரிதாக வலித்தது. ஆயிரம் ரூபாய் கிடைப்பதன் சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போவதன் வலி பெரியது என்பதை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவிட்டார்கள். போனஸ் இருப்பையும் சொந்தப் பணத்தையும் ஒரே எண்ணாகச் சேர்த்துக் காட்டும் திரை அந்த வலியைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

அவர் ‘தொடர்ந்து ஆடு’ பட்டனை அழுத்தினார்.

மூன்றாவது 7 ஏன் எப்போதும் பக்கத்து வரிசையில் நிற்கிறது?

அடுத்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு எவ்வளவு போனது என்று சரியாக நினைவில்லை. ஆனால், ஒன்று மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. “ரெண்டு 7 வந்து நின்னுடும். மூணாவது ரீல் மெதுவா சுத்தும். 7 கோட்டுக்கு வரும், வரும்... ஒரு கட்டம் தள்ளிப் போய் நின்னுடும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, அத்தனை தடவை! இன்னும் கொஞ்சம் விட்டா விழுந்துடும்னு தோணும்ல?”

இதற்கு ஆங்கில உலகில் ‘நியர் மிஸ்’ என்று பெயர். நம் ஊர் பாஷையில் ‘ஜஸ்ட் மிஸ்’. இதன் வரலாற்றில் ஒரு நார்வேக்காரர் வருகிறார்.

அந்தக் காலத்து ஸ்லாட் மெஷினில் உண்மையான சக்கரங்கள் இருந்தன. ஒரு சக்கரத்தில் 22 நிற்கும் இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 11 இடங்களில் படங்கள், நடுநடுவே 11 வெற்றிடங்கள். மூன்று சக்கரத்திலும் தலா ஒரு 7. மூன்று 7 வரிசையில் வர வாய்ப்பு 22 x 22 x 22, அதாவது 10,648-க்கு ஒன்று. பரிசைப் பெரிதாக்க வேண்டுமென்றால் வாய்ப்பைக் குறைக்க வேண்டும். அதற்குச் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அப்படிச் செய்தால் மெஷின் பூதம் மாதிரி ஆகிவிடும், பார்க்கிறவனும் உஷாராகிவிடுவான்.

இங்கே டெல்னேஸ் என்ற அந்த நார்வே நாட்டுப் பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்து, 1984-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். கண்ணுக்குத் தெரியும் சக்கரம் அதே 22 இடங்களோடு இருக்கட்டும். உள்ளே கணினியில் இன்னொரு கற்பனைச் சக்கரம் இருக்கட்டும். அதில், உதாரணத்துக்கு, 64 இடங்கள். முடிவை எடுப்பது கற்பனைச் சக்கரம். வெளியே சுற்றும் சக்கரம், உள்ளே எடுத்த முடிவைக் காட்டும் பொம்மை மட்டும்தான்.

64 இடங்களை 22 இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் இல்லையா? இங்கேதான் விளையாட்டு. 7-க்கு ஒரே ஒரு இடம் கொடுங்கள். 7-க்கு நேர் மேலே இருக்கும் வெற்றிடத்துக்கு ஆறு, நேர் கீழே இருக்கும் வெற்றிடத்துக்கு ஆறு கொடுங்கள். இப்போது 64 சுற்றில் சராசரியாக ஒரு முறை 7 கோட்டில் நிற்கும். 12 முறை கோட்டுக்கு ஒரு கட்டம் மேலேயோ கீழேயோ நிற்கும். சக்கரம் நேர்மையாகச் சுழன்றிருந்தால், ஒரு முறை கோட்டில் விழுவதற்கு இரண்டு முறைதான் பக்கத்தில் நின்றிருக்கும். இரண்டு ‘ஜஸ்ட் மிஸ்’ வர வேண்டிய இடத்தில் 12 ‘ஜஸ்ட் மிஸ்’.

மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து உண்மையான வாய்ப்பு 64 x 64 x 64, அதாவது 2,62,144-க்கு ஒன்று. ஆடுபவரின் கண்ணோ வெளியே இருக்கும் 22 இடங்களைப் பார்த்து 10,648-க்கு ஒன்று என்று எடைபோடுகிறது. போதாததற்கு, 7 அடிக்கடி அருகில் வந்து வந்து போவதால் அதைவிடவும் சுலபம் என்று நம்புகிறது.

இதில் எல்லை எங்கே என்ற கேள்வி 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எழுந்தது. யுனிவர்சல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மெஷின்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. சுற்று தோல்வி என்று முடிவானதும், அந்தத் தோல்வியை வெற்றிக்கு மிக அருகில் போனதுபோலக் காட்டும் படத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக் காட்டின. நெவாடா ஒழுங்குமுறை ஆணையம் 1989-ல் இதைக் கூடாது என்றது. ஆனால், கற்பனைச் சக்கரத்தில் இடங்களைக் கூட்டிக் குறைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டது. முன்வாசல் மூடப்பட்டது, பக்கவாசல் திறந்தே இருந்தது.

செல்போன் ஸ்லாட்டில் சக்கரமே கிடையாது. பட்டனைத் தொட்ட கணமே முடிவு தளத்தின் சர்வரில் எடுத்தாகிவிட்டது. அதன் பிறகு நடக்கும் எல்லாமே வீடியோ. இரண்டு 7 விழுந்ததும் மூன்றாவது ரீல் மெதுவாவதும், இசை ஏறுவதும், அந்த ரீலைச் சுற்றி ஒளி வருவதும் இதற்கென்றே சேர்க்கப்பட்டவை. இத்துறையில் அதற்கு ‘ஆன்டிசிபேஷன்’ என்று பெயரே இருக்கிறது. நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த மூன்று நொடியும், ஏற்கெனவே முடிந்த மேட்ச்சின் ஹைலைட்ஸ்.

மூளை ஏன் இதற்கு ஏமாறுகிறது?

கேரம் ஆடும்போது காயின் பாக்கெட் விளிம்பில் தட்டி நின்றால், அது நிஜமான தகவல். கோணம் சரி, வேகம் கொஞ்சம் கூட்டணும். பேட்டின் விளிம்பைத் தாண்டி பந்து போனால், பவுலர் சரியான இடத்தில் போடுகிறார் என்று அர்த்தம். திறமை வேண்டிய எந்த வேலையிலும் ‘ஜஸ்ட் மிஸ்’ என்பது ‘விடாதே, கிட்ட வந்துட்டே’ என்கிற செய்தி. மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஸ்லாட்டில் மட்டும் அந்தச் செய்தி பொய். அடுத்த சுற்றுக்கும் போன சுற்றுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது.

கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து ஆட்களை ஸ்லாட் மாதிரி ஒரு விளையாட்டை ஆடவைத்தார்கள். முழுத் தோல்வியைவிட ‘ஜஸ்ட் மிஸ்’தான் அதிக எரிச்சல் தருவதாக ஆடியவர்களே சொன்னார்கள். ஆனால், தொடர்ந்து ஆட வேண்டும் என்ற ஆசையையும் அதுவே கூட்டியது. வெற்றியின்போது இயங்கும் மூளைப் பகுதிகள் ‘ஜஸ்ட் மிஸ்’ஸின்போதும் இயங்கின. ஒரு நுணுக்கம்: படத்தை ஆடுபவர் தானே தேர்ந்தெடுத்த சுற்றுகளில்தான் அந்த ஆசை கூடியது, கணினி தேர்ந்தெடுத்தபோது இல்லை. செல்போன் ஸ்லாட்டுகளில் ரீலை நாமே நிறுத்துவதுபோல ஒரு ‘ஸ்டாப்’ பட்டன் இருப்பதைப் பார்த்தால் இனி இது நினைவுக்கு வரட்டும். அந்த பட்டன் முடிவை மாற்றாது. நாம் ஏதோ செய்கிறோம் என்ற உணர்வை மட்டும் கொடுக்கும்.

இதோடு சேர்ந்து இன்னொரு தந்திரமும் வேலை செய்தது. நண்பர் அனுப்பிய ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒன்றில் பொற்காசுகள் கொட்டுகின்றன, மத்தள ஓசை, ‘வாழ்த்துகள்! ரூ. 8!’ அவர் அந்தச் சுற்றுக்குக் கட்டியது 20 ரூபாய். 12 ரூபாய் நஷ்டத்துக்குத்தான் அந்தக் கொண்டாட்டம். ஆய்வாளர்கள் இதை ‘வெற்றி வேஷம் போட்ட தோல்வி’ என்கிற பொருளில் குறிப்பிடுகிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், ஆடுபவர்களின் தோலில் வியர்வை மாற்றத்தை அளந்தபோது, இந்த வேஷத் தோல்விக்கும் நிஜ வெற்றிக்கும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது. 2021 அக்டோபர் முதல் பிரிட்டனின் ஆன்லைன் ஸ்லாட்டுகளில், கட்டிய தொகையோ அதைவிடக் குறைவோ திரும்பி வந்தால் கொண்டாட்டச் சத்தம், காட்சி எதுவும் கூடாது. ஒரு சுற்று 2.5 நொடிக்குள் முடியவும் கூடாது. நண்பர் ஆடிய தளம் இந்த விதிகள் எதையும் பின்பற்றவில்லை. அது எந்த நாட்டில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

52 சதவீதத்தில் நின்ற கோடு

12.50-க்கு இருப்பு 12 ரூபாய். வேஜரிங் கோடு 52 சதவீதம். “பாதிக்கு மேல முடிச்சிட்டேன், இப்ப போய் விடுறதான்னு இருந்துச்சு.” அந்த நொடியில் திரையில் ஒரு கவுன்ட்டவுன். ‘ரீலோட் போனஸ். 15 நிமிடத்துக்குள் 500 போட்டால் 250 இலவசம்.’ போட்டார். போட்டதும் புதிய போனஸுக்குப் புதிய கோடு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது. பழைய 52 சதவீதம் எங்கேயும் சேரவில்லை.

இதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. விட்டதைப் பிடிக்கும் ஆட்டம். ஒரு மணிக்கு மேல் 20 ரூபாய் 50 ஆனது. இரண்டு மணிக்கு மேல் 100 ஆனது. 50-ஐத் தாண்டியதால், ஒருவேளை அவர் பெரிய தொகை ஜெயித்திருந்தாலும் விதிமுறையைக் காட்டித் தளம் அதைப் பிடித்துவைத்திருக்க முடியும். அவருக்கு அது தெரியாது.

மூன்று மணிக்கு நிறுத்தினார். நிறுத்தியதற்குக் காரணம் மன உறுதி இல்லை. கணக்கில் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த தொகையைத் தவிர எதுவும் மீதமில்லை.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நிமிடத்துக்குப் பத்து சுற்று. ஒரு மணி வரை சுமார் 33,000 ரூபாய்க்குப் பந்தயம். ஒன்றிலிருந்து இரண்டு வரை 30,000. இரண்டிலிருந்து மூன்று வரை 60,000. மொத்தம் 1 லட்சத்து 23 ஆயிரம் ரூபாய். அதில் 4 சதவீதம் என்றால் 4,920 ரூபாய். போனதோ 9,000, அதோடு கிடைத்த போனஸும். இந்த இடைவெளி அன்றைய துரதிர்ஷ்டமாக இருக்கலாம், அது ஸ்லாட்டில் சகஜம். அல்லது அந்த 96 சதவீதமே பொய்யாக இருக்கலாம். உரிமம் இல்லாத தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்க யாரும் இல்லை. இரண்டில் எது என்று ஒரே இரவை வைத்துச் சொல்ல முடியாது.

பணம் யாருக்குப் போனது?

ஸ்கிரீன்ஷாட்டில் நான் கடைசியாகக் கவனித்தது, ஏழு பரிவர்த்தனையிலும் இருந்த பெயர்களை. ஏழு யுபிஐ கட்டணத்தில் ஐந்து வெவ்வேறு தனிநபர் பெயர்கள். நிறுவனத்தின் பெயர் ஒன்றிலும் இல்லை. சட்டத்துக்கு வெளியே இயங்கும் தளத்தின் தெளிவான அடையாளம் இதுதான். வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஜெயித்தாலும் அதே மாதிரி கணக்கிலிருந்துதான் உங்களுக்குப் பணம் வரும். அந்தக் கணக்கு ஏதாவது சைபர் மோசடிப் புகாரில் சிக்கியிருந்தால், உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். சம்பளம் வருகிற கணக்கு என்றால் தலைவலி சொல்லி மாளாது.

சட்ட நிலவரம் சுருக்கமாக: 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவது, விளம்பரப்படுத்துவது, அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு உதவுவது மூன்றையும் தடைசெய்கிறது. விளம்பரம் செய்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த டெலிகிராம் சேனல்காரரும் இதற்குள் வருவார். ஆடியவரைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை. ‘புகார் கொடுத்தால் நாமே மாட்டிக்கொள்வோமோ’ என்று பயந்துதான் பலர் வெளியே சொல்வதில்லை. பணமோசடி என்று தோன்றினால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். ஆடுவதை நிறுத்த முடியவில்லை, தூக்கம் போகிறது, கடன் வாங்கத் தோன்றுகிறது என்றால் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

நண்பர் வாடகைப் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றினார். பழைய கணக்கில் ஒரு நாளைக்கான யுபிஐ வரம்பைக் குறைத்தார். சேனலிலிருந்து வெளியேறினார். ஆனால், அவருடைய எண் அந்தத் தளத்திடம் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து மாதக் கடைசி, சம்பளம் வந்த நாள், இரவு 10.15-க்கு அவருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். ‘உங்களை மிஸ் செய்கிறோம்! உங்களுக்காக மட்டும் 50 இலவச ஸ்பின்கள். டெபாசிட் தேவையில்லை.’ இந்த முறை அவர் ஆடவில்லை, விதிமுறைப் பக்கத்தைத் திறந்தார். இலவச ஸ்பின்னில் ஜெயிக்கும் தொகைக்கு 40 மடங்கு வேஜரிங். ஒரு பேச்சுக்கு 230 ரூபாய் ஜெயித்ததாக வைத்துக் கணக்குப் போட்டு எனக்கு அனுப்பியிருந்தார்.

“230 இன்ட்டு 40, 9,200. அதுல 4 பர்சென்ட் 368. ஃப்ரீயா 230 குடுத்துட்டு 368 எடுக்கப் பாக்குறான் மச்சி. மீதி 138-க்கு மறுபடியும் நான்தான் டெபாசிட் பண்ணணும்.”